ஞாயிறு மாலை பெட்ஷீட் லைவ்: தொகுப்பாளருக்கான ஸ்கிரிப்ட்

(7.00. கேமரா ஓடியதும் பேச்சு தொடங்க வேண்டும். கூட்டம் சேரட்டும் என்று காத்திருந்தால் முதலில் வந்தவர்கள் கிளம்பிவிடுவார்கள்.)

தொகுப்பாளர்: வணக்கம், வாருங்கள் வாருங்கள். இன்று பெட்ஷீட் மட்டும்தான். மூன்று பொருள், மூன்று கோடு: A1, K2, P3. பிடித்திருந்தால் கோடையும் நிறத்தையும் கமெண்டில் போடுங்கள். முதலில் வந்த கமெண்டுக்குத்தான் பீஸ். புக் செய்த 30 நிமிடத்தில் பணம் வராவிட்டால், காத்திருப்பவருக்குப் போய்விடும். டெலிவரி 70 ரூபாய், பில் 1,500 தாண்டினால் இலவசம்.

(இதே விவரம் பின் செய்த கமெண்டிலும் இருக்கும். புதிதாக வருகிறவர்களுக்காகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சுருக்கமாகச் சொல்லவும்.)

(7.04. A1. முதலில் துணி, விலை கடைசியில். துணியைக் கசக்கி மைக் அருகே கொண்டுபோகவும்.)

தொகுப்பாளர்: இந்தச் சத்தம் கேட்கிறதா? மொறுமொறுவென்று இருக்கிறது அல்லவா, இதுதான் பெர்கேல் நெசவு. ஒரு நூல் மேலே, ஒரு நூல் கீழே. பளபளப்பு இருக்காது, ஆனால் காற்றோட்டம் நன்றாக இருக்கும். வியர்க்கிறவர்கள் இதை எடுங்கள். முழுக்கப் பருத்தி, டபுள் காட், 90-க்கு 100 அங்குலம், கூடவே இரண்டு தலையணை உறை.

உதவியாளர்: ஓர் அக்கா கேட்கிறார், 60-க்கு 78 மெத்தைக்குப் போதுமா?

தொகுப்பாளர்: போதும் அக்கா. மெத்தை 6 அங்குல உயரம் என்றால், பக்கத்துக்கு 9 அங்குலம் உள்ளே மடித்துவிட மிஞ்சும். பருத்தி என்பதால் முதல் சலவையில் நீளத்தில் 3 அங்குலம் வரை சுருங்கலாம், அதையும் கணக்கில் வையுங்கள். மெத்தை 10 அங்குலம் என்றால் பக்கத்துக்கு 5 அங்குலம்தான் மிஞ்சும், சுருங்கிய பிறகு இன்னும் குறையும். அப்படிப்பட்டவர்கள் K2 வரும்வரை பொறுங்கள்.

(இங்கே ஒரு மடக்குத் தண்ணீர். பிறகு விலை, ஒரே மூச்சில்.)

தொகுப்பாளர்: A1, 899 ரூபாய். டெலிவரியோடு 969. இரண்டு எடுத்தால் 1,798, டெலிவரி கிடையாது. நீலம் 18, சாம்பல் 14, மஞ்சள் 8. மொத்தம் 40 பீஸ் என் பின்னால் அடுக்கியிருக்கிறது, எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

(எண்ணிக்கை எப்போதும் அலமாரியில் இருப்பதுதான். புக் ஆனதும் உதவியாளர் பீஸைக் கேமரா முன்பே எடுத்துத் தனியே வைப்பார். "கடைசி பீஸ்" என்ற சொல் உண்மையிலேயே ஒன்று மிஞ்சும்போது மட்டும். கூட்டம் குறைந்தாலும் இதை மாற்ற வேண்டாம்.)

உதவியாளர்: மஞ்சள் 3 மிச்சம். ஓர் அண்ணன், விலை ஜாஸ்தி, 400-க்கே கிடைக்கிறது என்கிறார்.

தொகுப்பாளர்: கிடைக்கும் அண்ணா, அதில் பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்திருக்கும். சீக்கிரம் காயும், சுருங்காது, அதுவும் ஒரு வசதிதான். பருத்தி வேண்டுமென்றால் இது. உங்களுக்கு எது சரிப்படுமோ அதை எடுங்கள். மஞ்சள் மூன்றே மூன்று!

(விலை வாக்குவாதம் ஒரு பதிலோடு முடியட்டும். மறுபடி கேட்டால் சிரித்துவிட்டு அடுத்த கமெண்ட்.)

(7.18. K2. விளக்கைக் கொஞ்சம் சாய்த்தால் மினுமினுப்பு தெரியும்.)

தொகுப்பாளர்: சரி, பெரிய கட்டில்காரர்கள் வாருங்கள். K2, சாட்டீன் நெசவு. நான்கு நூல் மேலே, ஒன்று கீழே, அதனால்தான் இந்த வழவழப்பு. A1-ஐ விடக் கொஞ்சம் கதகதப்பு. 108-க்கு 108, கிங் சைஸ், இரண்டு உறையோடு 1,549. டெலிவரி இலவசம். நிறம் ஒன்றே, வெளிர்பச்சை. 11 பீஸ்தான்.

உதவியாளர்: நூல் எண்ணிக்கை ஆயிரமா என்கிறார்கள்.

தொகுப்பாளர்: இல்லை, 300. ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை நூல் என்பதுதான் அந்தக் கணக்கு. முறுக்கிய நூலின் ஒவ்வொரு இழையையும் தனித்தனியாக எண்ணி ஆயிரம் என்று போடுவதும் உண்டு. எண்ணை விட்டுவிட்டுத் துணியைப் பாருங்கள், விளக்குக்கு நேரே பிடிக்கிறேன்.

(தீர்ந்தால்: "K2 முடிந்தது. காத்திருக்க விரும்புகிறவர்கள் K2 வெயிட் என்று போடுங்கள்." புது ஸ்டாக் தேதி எதுவும் சொல்லக் கூடாது.)

(7.30. P3. இரண்டு நிமிடம் போதும்.)

தொகுப்பாளர்: தலையணை உறை, ஜோடி 249. இது 120 ஜோடி இருக்கிறது, அவசரமே இல்லை. பில் 1,500-க்குக் கொஞ்சம் குறைகிறவர்கள் சேர்த்துக்கொள்ளலாம்.

(7.33. மிச்சக் கணக்கு. பலகையைப் பார்த்துச் சொல்லவும், நினைவிலிருந்து வேண்டாம்.)

தொகுப்பாளர்: புக் செய்தவர்கள் பெயர், முகவரியை இன்பாக்ஸில் மட்டும் அனுப்புங்கள், கமெண்டில் ஃபோன் நம்பர் போடாதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள், கிழிசல் இருந்தால் மாற்றித் தருவோம். அப்புறம், முதல் சலவை தனியாக, குளிர்ந்த தண்ணீரில். தம்பி, காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் யார், வாசி.