பொருள்: உங்கள் ஆல்பம் பேக்கேஜில் பேக்கிரவுண்ட் எடிட்டிங் – எது அடங்கும், எது அடங்காது

அன்புள்ள நிவேதா, கார்த்திக்,

வணக்கம். நீங்கள் தேர்ந்தெடுத்த 214 படங்களின் பட்டியல் கிடைத்தது. "மேடைப் படங்கள் எல்லாவற்றிலும் பேக்கிரவுண்டை மாற்றித் தர முடியுமா, அது பேக்கேஜில் வருமா?" என்று கேட்டிருந்தீர்கள். டிசைன் தொடங்குவதற்கு முன்பே கேட்டது நல்லதாயிற்று. ஷீட் போட்ட பிறகு பேக்கிரவுண்டை மாற்றினால் பக்கத்திலிருக்கும் படங்களின் கலரையும் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

சுருக்கமாகச் சொன்னால், பின்னால் கண்ணை உறுத்தும் பொருள்களை நீக்குவது பேக்கேஜில் அடங்கும். பேக்கிரவுண்டையே எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பது 6 படங்களுக்கு மட்டும். அதற்கு மேல் போனால் ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தில் உள்ளபடி படத்துக்குப் படம் தனிக் கட்டணம்.

214 படங்களுக்கும் நாங்கள் செய்வது இவை: வெளிச்சம், கலர் சரிசெய்தல், சாய்ந்திருக்கும் தூண்களையும் சுவர்க்கோட்டையும் நேராக்குதல், லென்ஸ் தூசிப் புள்ளிகளை எடுத்தல், ஓரத்தில் பாதியாக நுழைந்த கை, நாற்காலி போன்றவற்றை கிராப் செய்து வெளியேற்றுதல். இதற்கு நீங்கள் எதுவும் குறித்து அனுப்ப வேண்டாம்.

அடுத்தது, ஒவ்வொரு பொருளாக நீக்கும் வேலை. இது 60 படங்களுக்கு உண்டு. ஒயர், பிளக் போர்டு, தண்ணீர் பாட்டில், லைட் ஸ்டாண்ட், வெளியேறும் வழியைக் காட்டும் ஒளிரும் பலகை, மேடைக்குப் பின்னால் தெரியும் மடக்கு நாற்காலிகள், தூரத்தில் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் எல்லாம் இதில் அடக்கம். 60 என்று எண்ணிக்கை வைத்ததற்குக் காரணம் உண்டு. சுத்தமான துணி அல்லது சுவருக்கு முன்னால் இருக்கும் ஒயரை ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். அதே ஒயர் பூ அலங்காரத்தின் குறுக்கே போனால், அது மறைத்திருக்கும் ஒவ்வொரு பூவையும் அக்கம்பக்கத்துப் பூக்களிலிருந்து எடுத்து மறுபடி கட்ட வேண்டும். அவசரத்தில் ஒரே பூவை நான்கு இடத்தில் ஒட்டினால், போன் திரையில் யாருக்கும் தெரியாது. 12 அங்குல உயரத்தில் அச்சாகும்போது முதலில் கண்ணில் படுவது அதுதான்.

DSC_4127-ஐ ஒரு முறை திறந்து பாருங்கள். இடது பக்கம் லைட் ஸ்டாண்டின் மூன்று கால்களும் தெரிகின்றன. ஒரு கால் நிவேதாவின் புடவை விளிம்புக்குப் பின்னால் போகிறது. ஸ்டாண்டை எடுத்துவிடலாம். ஆனால் தரை பளபளப்பாக இருப்பதால் அதன் பிரதிபலிப்பும் கீழே விழுந்திருக்கிறது, விளக்கு போட்ட நிழலும் இருக்கிறது. பொருளை நீக்கும்போது இந்த இரண்டையும் சேர்த்தே நீக்குவோம். இதை ஒரே வேலையாகத்தான் கணக்கிடுவோம்.

ஆளை நீக்குவதில் ஒரு எல்லை இருக்கிறது. பின்னால் தனியாக நிற்பவரை நீக்கலாம். உங்களையோ உறவினரையோ தொட்டுக்கொண்டு, தோளுக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்பவரை நீக்குவது கடினம். ஏனென்றால் அவர் விலகினால் அவருக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது எந்தப் படத்திலும் பதிவாகியிருக்காது. 14 பேர் நிற்கும் DSC_5210 குரூப் படத்தில் இரண்டு தலைகளுக்கு நடுவே வீடியோ எடுப்பவரின் முகம் தெரிகிறது. அதே நிலையில் அடுத்தடுத்து எடுத்த படங்கள் எங்களிடம் இருப்பதாலும், அவற்றில் ஒன்றில் அவர் நகர்ந்திருப்பதாலும், அந்தத் துண்டை எடுத்து இங்கே பொருத்திவிடலாம். இப்படி மாற்றுப் படம் இருந்தால் பேக்கேஜிலேயே செய்வோம். இல்லாவிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுவோம்.

இனி நீங்கள் கேட்ட முக்கியமான விஷயம், முழு பேக்கிரவுண்ட் மாற்றம். மேடைப் படங்கள் எல்லாவற்றுக்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கட்டணம் போக, படம் கெடும் என்பதே இதற்கு முதல் காரணம்.

ஆளைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டுவது எளிது. முடியும் மெல்லிய துணியும்தான் சிக்கல். நிவேதாவின் துப்பட்டா வலை போன்றது. அதன் வழியாக மேடையின் ஊதா வெளிச்சம் தெரிகிறது. பின்னால் பச்சைத் தோட்டத்தை வைத்தாலும் துணிக்குள் ஊதாதான் நிற்கும். அதைக் கழுவி எடுத்தால் துணியின் இயல்பான கலரும் சேர்ந்து போய்விடும். முடியிலும் இதே கதை: தனித்தனியாகப் பறக்கும் இழைகளை வெட்டிவிட்டால் தலை வழுவழுவென்று ஆகிவிடும், விட்டுவைத்தால் ஓரத்தில் பழைய பேக்கிரவுண்டின் நிறம் ஒரு கோடாக நிற்கும்.

வெளிச்சத்தின் திசை அடுத்த தடை. மேடையில் உங்கள் மேல் வெளிச்சம் முன்னாலிருந்து, இரண்டு பக்கமும் சமமாக விழுகிறது. மாலைச் சூரியன் பின்னால் இருக்கும் காட்சியை வைத்தால், தோளிலும் முடி ஓரத்திலும் ஒளிக்கோடு இருந்தாக வேண்டும். அது இல்லாதபோது, என்ன தப்பு என்று சொல்லத் தெரியாதவருக்கும் 'ஒட்டிய படம்' என்று தோன்றிவிடும். கேமரா பிடித்த உயரமும் பொருந்த வேண்டும்: மேடைக்குக் கீழிருந்து எடுத்த படத்துக்கு, நின்று எடுத்த தோட்டப் படத்தைப் பின்னால் வைத்தால் நீங்கள் தரையில் நிற்காமல் மிதப்பது போல இருக்கும்.

ஆகவே அந்த 6 படங்களை இப்படித் தேர்ந்தெடுங்கள். இடுப்புக்கு மேல் மட்டும் தெரியும் படமாக இருக்கட்டும். பாதம் தெரியாவிட்டால் தரை நிழல் பிரச்சினையே வராது. முடி கட்டியிருக்கும் படம் நல்லது. பேக்கிரவுண்ட் ஏற்கெனவே மங்கலாகவும் ஒரே நிறமாகவும் இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் பட்டியலில் DSC_4460, DSC_4463, DSC_4902 மூன்றும் இதற்குச் சரியாக வரும். துப்பட்டா விரிந்திருக்கும் DSC_4515-ஐ மட்டும் தொட வேண்டாம். இருக்கிறபடியே அது உங்கள் ஆல்பத்தின் மிக நல்ல படங்களில் ஒன்று.

மற்ற மேடைப் படங்களுக்கு, பேக்கிரவுண்டை மாற்றாமலே அதை அமைதிப்படுத்த வழி இருக்கிறது: பின்னாலிருக்கும் வெளிச்சத்தை ஒரு படி குறைப்பது, நிறத்தின் அடர்த்தியைத் தணிப்பது, லேசாக மங்கலாக்குவது. இது எத்தனை படங்களுக்கு வேண்டுமானாலும் பேக்கேஜில் உண்டு. நீங்கள் மாற்றக் கேட்ட படங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே போதும் என்று நினைக்கிறேன். மாதிரிக்கு DSC_4301-இன் பழைய, புதிய வடிவங்களை இணைத்திருக்கிறேன்.

மேடைக்குப் பின்னாலிருந்த எல்.இ.டி. திரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். DSC_4688-லிருந்து 4693 வரை திரையில் கறுப்புப் பட்டைகள் தெரிகின்றன. திரை வரிசை வரிசையாக எரிந்து அணைவதால், கேமரா ஷட்டர் வேகமாகத் திறந்து மூடும்போது சில வரிசைகள் இருட்டாகப் பதிவாகும். திரையில் ஒரே நிறம் ஓடிய படங்களில் பட்டைகளைச் சமன்செய்துவிடலாம். அது பேக்கேஜில் அடங்கும். பூ, எழுத்து என்று டிசைன் ஓடிய படங்களில் முழுதாகப் போகாது, திரையை மங்கலாக்கிக் கரைக்க வேண்டியிருக்கும். திரையில் ஓடிய உங்கள் பெயர்களின் எழுத்தை மாற்றுவதோ வேறு படம் வைப்பதோ முழு மாற்றமாகக் கணக்காகும்.

ஊதா விளக்கு நேராக முகத்திலேயே விழுந்த சில படங்கள் இருக்கின்றன. அங்கே தோலின் கலர் விவரம் பதிவாகவே இல்லை. எந்த எடிட்டிங்கும் அதைத் திருப்பித் தராது. அவற்றைக் கறுப்பு வெள்ளையாக்கித் தருகிறோம். முகபாவம் நன்றாக இருக்கும் படங்கள் அவை, விட்டுவிட மனமில்லை.

வெளியே எடுத்த படங்களில் வானம் வெளுத்திருந்தால் இளநீலமாக மென்மையாக நிரப்புவது பேக்கேஜில் உண்டு. மேகம், அந்தி வானம் வைப்பது 6-இல் ஒன்றாகும். மரக்கிளைக்கு நடுவே வானம் தெரியும் படங்களில் இலை ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு நிற்கும் என்பதால் அவற்றைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பது நல்லது.

இரண்டு பக்கமும் விரியும் படங்களுக்கு பேக்கிரவுண்டை நீட்டுவதும் ஒரு வேலைதான். உங்கள் ஆல்பம் விரித்தால் 36 அங்குல அகலம், 12 அங்குல உயரம். கேமரா படம் 6000 x 4000 பிக்சல். அது வெட்டாமல் சரியாக 18 x 12 அங்குலத்துக்கு, அதாவது ஒரு பக்கத்துக்குத்தான் பொருந்தும். ஒரே படம் முழு ஷீட்டையும் நிரப்ப வேண்டுமென்றால் மேலும் கீழும் பாதியை வெட்ட வேண்டும், இல்லையென்றால் பக்கவாட்டில் பேக்கிரவுண்டை வளர்க்க வேண்டும். வெட்டினால் தலையோ காலோ போகும். அங்குலத்துக்கு 333-ஆக இருந்த பிக்சல் 167-ஆகவும் குறையும். எனவே 8 ஷீட்டுகளில் பேக்கிரவுண்டை நீட்டித் தருகிறோம். வெறும் சுவர், திரைத்துணி, வானம், புல்தரை நன்றாக நீளும். தூண் வரிசையும் ஜன்னல் கட்டங்களும் நீண்டால் அச்சுப் பிசகியது போல ஆகிவிடும். நடு மடிப்பிலிருந்து இரு பக்கமும் ஒரு அங்குலத்துக்குள் யாருடைய முகமும் வராமல் நாங்களே பார்த்துக்கொள்வோம்.

வராதவரைப் படத்தில் சேர்ப்பது, மூடிய கண்ணுக்கு வேறு படத்திலிருந்து முகம் மாற்றுவது, உடை நிறம் மாற்றுவது மூன்றும் பேக்கிரவுண்ட் வேலையில் சேராது. தேவையென்றால் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: எதை நீக்க வேண்டுமோ அதை ஸ்கிரீன்ஷாட்டில் சிவப்பு வட்டமிட்டு, படத்தின் எண்ணோடு இந்த மின்னஞ்சலுக்கே பதிலாக அனுப்புங்கள். "பின்னாடி சுத்தம் பண்ணுங்க" என்று மட்டும் எழுதினால் உங்களுக்கு உறுத்துவது ஒன்றாகவும் எங்களுக்குப் படுவது வேறாகவும் இருக்கக்கூடும். முழு மாற்றத்துக்கு உங்களுடைய பேக்கிரவுண்ட் படம் ஏதாவது இருந்தால், நீளப் பக்கம் 5000 பிக்சலுக்குக் குறையாத அசல் ஃபைலை அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அளவு சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பலாம். இணையத்தில் எடுத்த படம் என்றால் அதை அச்சிட உரிமை இருக்க வேண்டும்.

இருவரும், வீட்டுப் பெரியவர்களும் பார்த்து முடித்த பிறகு ஒரே பட்டியலாக 20-ஆம் தேதிக்குள் தாருங்கள். வந்ததிலிருந்து 12 வேலை நாட்களில் புரூஃப் பி.டி.எஃப். அனுப்புகிறோம். அதில் இரண்டு முறை திருத்தம் சொல்லலாம். புரூஃபை கம்ப்யூட்டரில், திரை வெளிச்சத்தைப் பாதியளவில் வைத்துப் பாருங்கள்; முழு வெளிச்சத்தில் பார்ப்பவர்களுக்கு மேட் தாளில் அச்சானது இருட்டாகத் தோன்றும். நீங்கள் ஒப்புதல் தந்து அச்சுக்குப் போன பிறகு ஒரு படத்தைத் திருத்தினாலும் அந்த ஷீட்டை மறுபடி அச்சடித்து முழு பைண்டிங்கையும் பிரிக்க வேண்டியிருக்கும், ஆகவே அது பேக்கேஜில் வராது.

6 படங்களில் எதைத் தேர்வது என்று சந்தேகம் இருந்தால் எண்களை மட்டும் அனுப்புங்கள். எது நன்றாக வரும், எது வராது என்று ஒவ்வொன்றுக்கும் எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
சரவணன்
புகைப்படம், ஆல்பம் வடிவமைப்பு

இணைப்பு: DSC_4301 – எடிட்டிங்குக்கு முன், பின்