உழக்குக் கணக்கு

கரும்பலகையில் நாலு கணக்கு முடிந்திருந்தது. நாலுக்கும் வழி ஒன்றுதான்: முதல் எண்ணை அப்படியே எழுது, வகுத்தல் குறியைப் பெருக்கல் குறியாக்கு, இரண்டாவதைத் தலைகீழாக்கு, பெருக்கு. கோமதி டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டீச்சர்." ஆறாம் வகுப்பின் 27 பிள்ளைகளும் ஒரே ராகத்தில் இழுத்தார்கள்.

இந்த ராகத்தை அவள் நம்புவதில்லை. முன்வரிசையில் குனிந்த தலை நிமிராமல் படியெடுக்கிறவர்களையும் கணக்கில் எடுப்பதில்லை. எழுதுகிற கைக்கு மனம் தேவையில்லை. அவள் பார்ப்பது நடுவரிசையை. அங்கே சுடலைமணி பலகையைப் பார்த்தான், பக்கத்து நோட்டைப் பார்த்தான், மறுபடியும் பலகையைப் பார்த்தான். புருவம் சுருங்கவில்லை. சுருங்கியிருந்தால்கூடப் பரவாயில்லை, யோசிக்கிறான் என்று அர்த்தம். அவன் முகம் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் முகம் மாதிரி இருந்தது. அந்த வரிசையில் அப்படி ஏழெட்டு முகம்.

"சரி, ஆறு வகுத்தல் அரை. போட்டுட்டுப் பென்சிலக் கீழ வைங்க."

வரிசைகளுக்கு நடுவே நடந்தாள். நோட்டுகளில் மூன்று விடைகள் இருந்தன. பாதிப் பேர் 3 என்று எழுதியிருந்தார்கள். இசக்கியம்மாளும் இன்னும் சிலரும் இரண்டாவதை விட்டுவிட்டு முதல் எண்ணைத் தலைகீழாக்கி 1/12 என்று வைத்திருந்தார்கள். பாத்திமாவும் சுடலைமணியும் உட்பட ஐந்தாறு பேர் 12.

"ஏலே சுடல, பன்னெண்டு எப்படி வந்துது?"

"தலகீழாக்குனேன் டீச்சர்."

"ஆறை வகுத்திருக்கோம். விடை ஆறைவிடப் பெருசா இருக்கே. இருக்கலாமா?"

சுடலைமணி ரப்பரை எடுத்தான். 12-ஐ அழித்துவிட்டு 3 என்று எழுதினான்.

சரியான விடையை அவன் அழித்ததைப் பார்த்ததும் கோமதி டீச்சர் மேசைக்குத் திரும்பி வந்தாள். பாடக்குறிப்பேடு திறந்தே கிடந்தது: 'தலைகீழி அறிமுகம் 10 நிமிடம், எடுத்துக்காட்டு 4, பயிற்சிக் கணக்கு 12.' திங்கட்கிழமை தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்ட பக்கம். பிழை பெருக்கலில் இல்லை. மூன்றாம் வகுப்பிலிருந்து வகுத்தல் என்றால் பங்கு வைப்பது என்றே இவர்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறோம். பன்னிரண்டு மிட்டாயை நாலு பேருக்குப் பங்கு வைக்கலாம். ஆறு மிட்டாயை அரை ஆளுக்கு எப்படிப் பங்கு வைப்பது? அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு இன்னும் பன்னிரண்டு கணக்குப் போட்டாலும், விடை பெரிதாக வரும்போதெல்லாம் ரப்பரைத்தான் எடுப்பார்கள்.

சிவப்புப் பேனாவால் பயிற்சி வரியின் மேல் ஒரு கோடு இழுத்தாள். மணி அடிக்க 26 நிமிடம் இருந்தது.

"சுடல, பாத்திமா, ரெண்டு பேரும் சத்துணவுக்கூடத்துக்குப் போங்க. டீச்சர் கேட்டாவன்னு சொல்லி, படி, உழக்கு, ஒரு சுளவு, ரெண்டு படி அரிசி வாங்கிட்டு வாங்க. கீழ சிந்தக்கூடாது."

அவர்கள் வருவதற்குள் பலகையை முழுவதுமாக அழித்தாள். நாலு எடுத்துக்காட்டும் போனதில் முன்வரிசைக்கு வருத்தம். ஒருத்தி இன்னும் எழுதி முடித்திருக்கவில்லை.

"ஒரு படிக்கு எத்தன உழக்கு?"

"நாலு!" இதற்கு ராகம் இல்லை. பிசான நெல் கதிர் முற்றி நிற்கிற ஊரில், வீட்டில் ஆச்சி உழக்கால் அரிசி அளந்து உலையில் போடுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்.

"அப்போ உழக்குங்கது படியில எத்தன பங்கு?"

"கால்."

பலகையில் ஒரு வரி மட்டும் எழுதினாள்: 1 உழக்கு = 1/4 படி. பின்னத்தை இப்போதைக்கு அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

அரிசி வந்தது. "ரெண்டு படிய உழக்கால அளந்தா எத்தன தடவ வரும்? அளக்கதுக்கு முன்னால சொல்லுங்க."

"எட்டு."

இசக்கியம்மாள் அளந்தாள், வகுப்பு எண்ணியது. எட்டு வந்த பிறகும் சுளவில் ஓர் உழக்குக்குக் கிட்ட மிச்சம் கிடந்தது. வகுப்பில் சலசலப்பு. "ஒம்பது, ஒம்பது" என்றான் கடைசி வரிசையில் ஒருவன்.

எண்ணியது தப்பா, அளந்தது தப்பா, கணக்கே தப்பா என்று டீச்சர் கேட்டாள். பதில் பாத்திமாவிடமிருந்து வந்தது. "சமையலக்கா படிய கோபுரமா அளந்து போட்டாவ டீச்சர். இவ உழக்க தல தட்டி அளக்கா."

"அப்போ என்ன செய்யணும்?"

"ரெண்டையும் தல தட்டணும்."

ஸ்கேலால் தலை தட்டி மறுபடி அளந்தார்கள். மேலே குவிந்திருந்ததை ஒரு தாளில் தனியாக ஒதுக்கிவைத்தார்கள். இப்போது சரியாக எட்டு. திட்டத்தில் இல்லாத இந்த மூன்று நிமிடத்தை கோமதி டீச்சர் வீணென்று நினைக்கவில்லை. இனி அளவு மாறாமல் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்.

அதன் பிறகுதான் எழுதினாள்:

2 ÷ 1/4 = 8

"இத வாசி இசக்கி."

"ரெண்டு வகுத்தல் கால், எட்டு."

"அப்படி இல்ல. இப்போ செஞ்சத வச்சு வாசி."

அவள் கொஞ்சம் தயங்கினாள். "ரெண்டு படியில... கால் படி எட்டுத் தடவ இருக்கு."

"ரெண்டைவிட எட்டு பெருசுல்லா? வகுத்தா கூடுமா?"

"உழக்கு சின்னதுல்லா டீச்சர். அதான் நெறைய தடவ."

சுடலைமணி நோட்டைப் பிரித்து 3-ஐ அழித்து மறுபடியும் 12 எழுதுவதை டீச்சர் ஓரக்கண்ணால் பார்த்தாள். எதுவும் சொல்லவில்லை. பலகையில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டே போனாள்: 1 ÷ 1/4 = 4, 2 ÷ 1/4 = 8, 3 ÷ 1/4. அளக்காமலே பன்னிரண்டு என்றார்கள். எப்படி என்று கேட்டதற்கு, "ஒரு படிக்கு நாலு, மூணு படிக்கு முந்நாலு பன்னெண்டு." அந்த வாய்ச்சொல்லை அப்படியே எழுத்தாக்கினாள்: 3 × 4. தலைகீழி என்ற சொல்லை இன்னும் எடுக்கவில்லை.

இன்னும் பதினோரு நிமிடம். இங்கே நிறுத்தினால் எல்லாம் அழகாக முடிந்த மாதிரி இருக்கும். ஆனால் இதுவரை எல்லா விடையும் முழு எண்; மிச்சம் விழாத கணக்கு யாரையும் சோதிக்காது. அவள் 3/4 ÷ 1/2 என்று எழுதினாள்.

"முக்கால் படி அரிசி இருக்கு. ஆளுக்கு அரைப் படி. எத்தன பேருக்கு வரும்?"

சுளவில் மூன்று உழக்கு அரிசியைத் தனித்தனிக் குவியலாகக் கொட்டினாள் இசக்கியம்மாள். அரைப் படிக்கு இரண்டு குவியல். ஒருத்தருக்குக் கொடுத்தாயிற்று. ஒரு குவியல் மிச்சம்.

"ஒண்ணு, மிச்சம் கால். அப்போ ஒண்ணேகால் டீச்சர்," என்றான் சுடலைமணி. பல தலைகள் ஆடின.

பாத்திமா அதற்குள் நோட்டில் வழிமுறைப்படி போட்டிருந்தாள். "3/4 × 2/1, ஆறு கீழ நாலு, ஒன்றரைல்லா வருது?"

பலகையில் இரண்டு விடையும் பக்கத்தில் பக்கத்தில் ஏறின: 1 1/4, 1 1/2. இந்தத் தவறு பெரியவர்களும் செய்வது. மிச்சத்தைப் படியில் சொல்லிவிட்டு, தடவையோடு கூட்டிவிடுகிறோம். கோமதி டீச்சர் எது சரி என்று சொல்லவில்லை. மிச்சக் குவியலைச் சுட்டினாள்.

"இது கால். சரிதான். எதுல கால்?"

"படியில."

"நாம படியாலயா பங்கு குடுத்தோம்?"

"அரைப் படியால."

"ஒரு பங்குக்கு எத்தன குவியல்?"

"ரெண்டு."

"மிச்சம்?"

"ஒண்ணு." சுடலைமணி எழுந்தே நின்றுவிட்டான். "அப்போ அது அரைப் பங்கு டீச்சர். ஒண்ணும் அரையும் ஒன்றரை."

"அந்தக் காலு எங்க போச்சு?"

"எங்கயும் போவல. படிக்குப் பாத்தா கால், பங்குக்குப் பாத்தா அரை."

3/4 ÷ 2/4 = 3 ÷ 2 என்று எழுதினாள். மூன்று குவியலை இரண்டு இரண்டாக எடுத்ததுதான் அது. பகுதிகள் ஒன்றாகிவிட்டால் மேலே இருக்கிறதை மட்டும் வகுத்தால் போதும் என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே சொன்னார்கள்.

ஐந்து நிமிடம். கடைசியாக ஒன்று: 1 ÷ 3/4.

நாலு குவியல். மூன்று எடுத்தால் ஒரு தடவை. மிச்சம் ஒரு குவியல். இந்த முறை யாரும் ஒண்ணேகால் என்று அவசரப்படவில்லை. முதல் எண்ணைத் தலைகீழாக்கியிருந்த இசக்கியம்மாள்தான் விரலால் குவியலைத் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். "மூணு குவியல் ஒரு தடவ. மிச்சம் ஒண்ணு, அது மூணுல ஒரு பங்கு. ஒண்ணும் மூணுல ஒண்ணும்."

"அதத் தகா பின்னமாக்கு."

"நாலு கீழ மூணு."

பலகையில் 3/4-உம் 4/3-உம் அருகருகே நின்றன. "தலகீழு!" என்று இரண்டு மூன்று குரல்.

"ஒரு படியில முக்கால் எத்தன தடவ இருக்குன்னு பாத்தா, 4/3 தடவ. அதுக்குப் பேருதான் தலைகீழி. ரெண்டு படி இருந்தா?"

"ரெண்டு மடங்கு."

"அப்போ இசக்கி, எதத் தலைகீழாக்கணும்?"

"எதால அளக்கோமோ அதை."

மணி அடித்தது. அரிசியைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில் சமையலக்கா படியால் அளந்துவிட்டு, ரெண்டுதான் குடுத்தேன், கூட இருக்கே என்றிருக்கிறாள். தலை தட்டாதது தப்பு என்று சுடலைமணி விளக்கப் போய், உழக்கை வைத்துவிட்டு ஓடு என்று விரட்டப்பட்டான்.

சாயங்காலம் தலைமையாசிரியர் குறிப்பேட்டைப் புரட்டியவர் சிவப்புக் கோட்டில் நின்றார்.

"பன்னெண்டு கணக்கு போடணும்னு இருக்கு. மூணுதான் நடந்திருக்கா?"

"மூணும் நின்னு நடந்துருக்கு சார். நாளைக்கு இன்னொரு பீரியட் வேணும். தமிழய்யாகிட்ட கேட்டு மாத்திக்கிடுதேன்."

"பாடம் பின்னால போயிரக்கூடாது பாத்துக்கோங்க."

கோட்டுக்குக் கீழே அவள் எழுதியிருந்த புதுக் குறிப்பை அவர் வாசித்தார். 'முதல் கணக்கு 1/2 ÷ 3. அரிசி வேண்டாம். விடை 1/2-ஐவிடப் பெரிதா, சிறிதா என்று முதலில் கையுயர்த்தச் சொல்ல வேண்டும். "வகுத்தால் எப்போதும் கூடும்" என்று இன்று எத்தனை பேர் புரிந்துகொண்டு போயிருக்கிறார்கள் என்பது அதில் தெரியும். அதற்குப் பிறகு பயிற்சி: பழைய பன்னிரண்டில் 1, 4, 7, 10 மட்டும். ஒவ்வொன்றுக்கும் விடைக்கு முன் "எத்தனை தடவை?" என்ற கேள்வியை வாக்கியமாக எழுத வேண்டும்.'

அவர் தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.