மூட்டை இருந்த இடம்

பகல் ஒரு மணி என்பது தாராவியில் இட்லிக்காரர்கள் அரிசி வாங்கும் நேரம். விடியற்காலையில் அவித்து, டேக்சாவில் ஏற்றி, சைக்கிளில் மாஹிம் சயான் என்று விற்றுவிட்டு வந்தவர்கள் ஒரு வாய் சாப்பிட்டுக் கடைக்கு வருவார்கள். இரண்டு மணிக்காவது அரிசி ஊறினால்தான் பொழுது சாய அரைக்கலாம். எல்லா நாளும் அப்படித்தான். வெள்ளிக்கிழமையும் ஒரு நாள்தானே என்று மைதீன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள ஆரம்பித்துப் பதினோரு வருடம் ஆகிவிட்டது.

கடையிலிருந்து பள்ளிவாசல் நாற்பது எட்டு வைக்கிற தூரம். பாங்கு காதுக்குள் விழும். பயானும் விழும், தமிழில். ஹஜ்ரத் சொர்க்கத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கையில் இவன் உளுந்து நிறுத்துக்கொண்டிருப்பான். "ஓ நம்பிக்கையாளர்களே, வெள்ளிக்கிழமை தொழுகைக்கு அழைக்கப்பட்டால் வியாபாரத்தை விட்டுவிடுங்கள்" என்று மைக்கில் கேட்கும்போது தராசைப் பார்க்காமல் வேறு எங்காவது பார்ப்பான். வாங்க வந்த ஆள் நம்ம ஆளாக இருந்தால் சங்கடம். நல்ல வேளை, அந்த நேரத்தில் வருகிறவர்கள் எல்லாரும் பேச்சியம்மாக்களும் செல்லத்துரைகளும்தான். அவர்களுக்கு மைதீன் தொழப் போகாதது வசதி.

ஆரம்பித்தது 2013-இல். உதுமான் மாமா ஒரு சீட்டு எடுத்தார்; மைதீன் ஜாமீன் நின்றான். எடுத்தவர் நாலு தவணை கட்டிவிட்டு நின்றுகொண்டார். மிச்சம் நாற்பதாயிரம் மைதீன் தலையில். போகட்டும் என்று விடக்கூடிய பணமில்லை, அதற்காகக் கொலை செய்யக்கூடிய பணமுமில்லை. உதுமான் மாமா ஒவ்வொரு ஜும்ஆவுக்கும் முன்வரிசையில், முதல் சஃப்பில், அத்தர் மணக்க, உட்கார்ந்திருப்பார். ஒரு வாரம் மைதீனுக்கு இடம் கிடைத்தது அவருக்கு நேர் பின்னால். சஜ்தாவுக்குக் குனிந்தால் கண்ணுக்கு எதிரே அவர் உள்ளங்கால் இரண்டும். மாசம் ரெண்டாயிரம் என்றால் இருபது மாசம். ஆயிரத்து ஐந்நூறு என்றால் இருபத்தாறு மாசம், மிச்சம் ஆயிரம். சலாம் கொடுத்துத் திரும்பியபோது எத்தனை ரக்அத் தொழுதோம் என்று அவனுக்குத் தெரியவில்லை.

இப்படித் தொழுவதற்குத் தொழாமலே இருக்கலாம் என்று அடுத்த வாரம் போகவில்லை. அதற்கு அடுத்த வாரம் நல்ல வியாபாரம். மூன்றாவது வாரம்தான் பயந்தான். மேலப்பாளையத்தில் ஓதப் பள்ளிக்கூடத்தில் லெப்பை சொல்லிக்கொடுத்தது: அலட்சியமாக மூன்று ஜும்ஆவை விட்டவன் நெஞ்சில் அல்லாஹ் முத்திரை குத்திவிடுவான். மூன்றாவது வெள்ளியன்று சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு நின்றான். ஒரு இட்லிக்காரர் இருபது கிலோ கேட்டு வந்தார். நிறுத்துப் போடுவதற்குள் அங்கே தக்பீர் கேட்டுவிட்டது.

அப்புறம் முத்திரை குத்தியாயிற்றே, இனி என்ன.

கோபம் இரண்டு வருடத்தில் ஆறிவிட்டது. கோபம் இருந்த இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கு வயதே ஆகவில்லை. பெருநாளைக்கு மட்டும் கூட்டத்தோடு கூட்டமாகப் போய் வருவான். வியாழக்கிழமை ராத்திரி வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மடித்து வைத்துக்கொண்டிருந்த பெண்டாட்டியும் ஒருநாள் வைக்கவில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. இவனும் கேட்கவில்லை.

கணக்கு மட்டும் அவனை விடாது. வருடத்துக்கு ஐம்பத்திரண்டு. பதினோரு வருடத்துக்கு 572. மூன்றைக் கழித்தால் 569 அதிகப்படி.

அந்த வெள்ளிக்கிழமை மழை. மும்பை மழையை மழை என்று சொன்னால் ஊரில் உள்ளவர்களுக்குப் புரியாது. வானத்தில் யாரோ குழாயைத் திறந்துவிட்டு அடைக்க மறந்துபோன மாதிரி. பள்ளிவாசலில் மாடியை இடித்துக் கட்டுகிற வேலை நடந்துகொண்டிருந்ததால் கீழ்த்தளத்தில் பாதி ஆள்தான் கொள்ளும். மிச்சப் பேருக்குச் சந்தில் தார்ப்பாய் கட்டிப் பாய் விரித்திருந்தார்கள். போன வாரம் சஃப்பு தையல்கடையோடு நின்றது. இந்த வாரம் நீண்டு மைதீன் கடைப் படிக்கே வந்துவிட்டது.

"காக்கா, இந்த மூட்டைய கொஞ்சம் நகட்டுங்க. சஃப்பு அறுந்து போவுது."

பள்ளியில் வேலை பார்க்கிற பையன். பதினெட்டு வயசிருக்கும். கடைக்கு முன்னால் மழை படாமல் தன் தார்ப்பாய்க்குக் கீழே மைதீன் அடுக்கி வைத்திருந்த மூன்று அரிசி மூட்டையைக் காட்டினான். அதற்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்தாயிற்று. நடுவில் மூட்டை.

"சுடலை, ஒரு கை பிடிலே," என்று கடை ஆளைக் கூப்பிட்டான் மைதீன்.

மூன்று மூட்டையையும் உள்ளே இழுத்தார்கள். மூட்டை இருந்த இடத்தில் தரை காய்ந்து வெளுப்பாக இருந்தது. ஒரு ஆள் நிற்கிற அகலம். மைதீன் பழைய சாக்கு ஒன்றை உதறி அந்த இடத்தில் விரித்தான். யாருக்காவது உதவட்டும் என்றுதான்.

இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது உதுமான் மாமா.

முதல் சஃப்பு ஆள் இவ்வளவு பின்னால் வந்திருக்கிறார் என்றால் முட்டி. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். உடம்பு பாதியாகிவிட்டது. அத்தர் மணம் மட்டும் அதே மணம். பதினோரு வருடமாகப் பேசாதவர் நேற்றுத்தான் பேசிவிட்டுப் போனவர் மாதிரி கடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"மைதீனு, அந்த ஸ்டூல எடு. எனக்குத் தரையில உக்கார முடியல."

சுடலை மைதீன் முகத்தைப் பார்த்தான். கடையில் இருப்பதே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்தான். மைதீன் அதன் மேலிருந்த பில் புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டு, ஸ்டூலைத் துடைத்துக் கொடுத்தான். நாற்பதாயிரத்தோடு ஒரு ஸ்டூல் என்று மனசு சொல்லியது. அது அப்படித்தான் சொல்லும்.

குத்பாவுக்கு உண்டான பாங்கு சொல்லியாயிற்று. சந்தில் பேச்சு நின்றது. தார்ப்பாயில் மழை அடிக்கிற சத்தத்தோடு ஹஜ்ரத்தின் அரபி மட்டும். அரிசி வாங்க வந்த பேச்சியம்மா கூட்டத்தைத் தாண்ட முடியாமல் எதிர்ப்பக்கம் மீன்கடைத் திண்ணையில் முக்காடு போட்டு உட்கார்ந்துவிட்டாள். வியாபாரம் தன்னால் நின்றுபோயிற்று. மைதீன் கல்லாவில் உட்கார்ந்திருந்தான். கல்லா உயரம். சஃப்பில் இருக்கிறவர்கள் தலையெல்லாம் அவன் முட்டிக்குக் கீழே. அவனுக்கு அது பிடிக்கவில்லை. எழுந்து நின்றான். நின்றால் இன்னும் உயரம்.

குத்பாவின்போது பேசக் கூடாது. அந்தப் பையன் பேசவில்லை. காலியான சாக்கைக் கையால் காட்டினான், சஃப்பின் இரண்டு முனையையும் காட்டினான், உதட்டைப் பிதுக்கினான். பின்னாலிருந்து யாரும் முன்னே வருவதாகத் தெரியவில்லை. பின்னால் யாருமே இல்லை. மைதீன் கடையோடு சஃப்பு முடிகிறது.

மைதீன் கடைக்குப் பின்பக்கம் போனான். நீல டிரம்மில் தண்ணீர் இருந்தது. சுடலை தானாகவே மக்கை எடுத்து மொண்டு நின்றான். மணிக்கட்டு வரைக்கும் கை, வாய், மூக்கு. அடுத்தது என்ன என்று யோசிப்பதற்கு முன்னாலேயே கை முகத்துக்குப் போயிற்று. முழங்கை. நனைந்த கையால் தலையைத் தடவியபோது முன்பு முடியிருந்த இடத்தில் வழுக்கை தட்டுப்பட்டது. காலைக் கழுவும்போது சுடலை கொஞ்சம் அதிகமாகவே ஊற்றினான்.

"போதும்லே. தண்ணி வீணாக்காத."

"கல்லாவ நான் பாத்துக்கிடுதேன் மொதலாளி. நீங்க போயிட்டு வாங்க."

போயிட்டு வாங்க என்கிறான், நாலடியில் இருக்கிற இடத்துக்கு. தொப்பி இல்லை. தோளில் கிடந்த துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டான். அரிசித் தூசி அப்பிய பனியன், மடித்துக் கட்டிய கைலி. கைலியை இறக்கிவிட்டான். வெள்ளைச் சட்டை எந்த டிரங்குப் பெட்டியில் இருக்கிறதோ.

சாக்கில் நின்றபோது உதுமான் மாமா கொஞ்சமும் திரும்பாமல் ஸ்டூலை அரை அடி நகர்த்தினார், தோளோடு தோள் ஒட்டுவதற்கு.

ஹஜ்ரத் முதல் ரக்அத்தில் ஜும்ஆ சூராவை ஓதினார். மைதீனுக்கு வியாபாரத்தை விடச் சொல்லும் இடம் வந்ததும் தெரிந்துவிட்டது. அதற்கு அடுத்த ஆயத்து அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பிடித்தமானது: தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிப் போய் அல்லாஹ்வின் அருளைத் தேடுங்கள். போய்க் கடையைத் திற என்று அல்லாஹ்வே சொல்லியிருக்கிறான் என்று வாப்பா சிரிப்பார். தோல் ஷாப்பில் கூலிக்கு நின்ற மனுஷன், கடை வைக்க ஆசைப்பட்டுக் கடைசிவரை வைக்காதவர்.

சஜ்தாவில் நெற்றி சாக்கில் பட்டது. கண்ணோரத்தில் உதுமான் மாமாவின் கால் தெரிந்தது. ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவரின் கால் தரையில் அப்படியே ஊன்றியிருந்தது. வீங்கின கால். பெருவிரலில் பழைய துணிக்கட்டு. மாசம் ரெண்டாயிரம் என்றால், என்று ஆரம்பித்தது. ஆரம்பிக்காமல் இருக்குமா. இருபது மாசம் என்று வருவதற்குள் தக்பீர் சொல்லி எல்லாரும் எழுந்துவிட்டார்கள். இரண்டாவது ரக்அத்தில் விட்ட இடத்திலிருந்து தொடரலாமென்று பார்த்தால், எங்கே விட்டது என்று அகப்படவில்லை. சாக்கில் புழுங்கல் வாசம் அடித்தது.

சலாம் கொடுத்து முடித்ததும் சந்து மறுபடியும் சந்தாகிவிட்டது. செருப்பைத் தேடுகிறவர்கள், குடையை விரிக்கிறவர்கள், பாயைச் சுருட்டுகிற பையன். சுருட்டிக்கொண்டே மைதீனைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தான்.

உதுமான் மாமா எழ முடியாமல் கையை நீட்டினார். மைதீன் பிடித்துத் தூக்கிவிட்டான். பணத்தைப் பற்றி ஏதாவது சொல்லுவார் என்று ஒரு கணம் இருந்தது. அவர் ஸ்டூலைத்தான் பார்த்தார்.

"உறுதியான ஸ்டூலு. அடுத்த வாரமும் வேணும், வச்சிரு."

"கடையிலதான் இருக்கும் மாமா. எங்க போவப் போவுது."

"மாடி கட்டி முடிக்க மூணு மாசம் ஆவுமாம்," என்றார், நடந்துகொண்டே.

பேச்சியம்மா மழையில் பாதி நனைந்து படியேறினாள்.

"பாய், மணி ரெண்டாவப் போவுது. பத்து கிலோ அரிசி, மூணு கிலோ உளுந்து. சீக்கிரம் போடுங்க, இனி எப்ப ஊறி எப்ப அரைக்க." பையை நீட்டியவள் அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். "அதென்ன பாய் நெத்தியில, கட்டம் கட்டமா?"

சாக்கின் பின்னல். சுடலை சிரிப்பை அடக்க முடியாமல் மூட்டைக்குப் பின்னால் குனிந்துகொண்டான். மைதீன் துண்டை எடுத்து ஒரு தரம் தேய்த்தான்.

"போயிருச்சா?"

"இல்ல பாய். நல்லா அச்சு குத்தினாப்ல இருக்கு."

"இருக்கட்டும்," என்று தராசில் அரிசியைக் கொட்டினான். முள் பத்தைத் தாண்டி நின்றது. தாண்டியதை அள்ளவில்லை, அப்படியே அவள் பையில் சாய்த்தான்.