சம்பா நெல்லுக்கு உரம்: ஆபீஸ் செய்தி, நம் மா கணக்கில்

வேளாண்மை ஆபீசிலிருந்து சம்பா நடவுக்கான உரச் செய்தி வந்திருக்கிறது. அஞ்சாறு வரிதான். ஆனால் அதைப் படித்துவிட்டு அப்படியே உரக்கடைக்குப் போனால் எத்தனை மூட்டை கேட்பது என்று தெரியாது. அதனால் நம் கணக்கில் பிரித்து எழுதியிருக்கிறேன். வீட்டில் படிக்க ஆள் இல்லாதவர்களுக்குப் பக்கத்து வயல்காரர் படித்துக் காட்டிவிடுங்கள்.

வந்த செய்தி இது:

"மத்திய கால நெல் இரகங்களுக்கு எக்டருக்கு 150:50:50 கிலோ தழை, மணி, சாம்பல் சத்துகள் இடப்பட வேண்டும். மணிச்சத்து முழுவதையும் அடியுரமாக இடவும். தழை, சாம்பல் சத்துகளை அடியுரமாகவும், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் ஆகியவற்றில் மேலுரமாகவும் நான்கு சம பாகங்களாகப் பிரித்து இடவும். எக்டருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் இடவும். தழைச்சத்து மேலாண்மைக்கு இலை வண்ண அட்டையைப் பயன்படுத்தவும்."

முதலில் அந்த 150:50:50. இதில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறோம். 150 கிலோ யூரியா, 50 கிலோ டி.ஏ.பி., 50 கிலோ பொட்டாஷ் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அது சத்தின் எடை, உரத்தின் எடை அல்ல. 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து ஏறக்குறைய 20.7 கிலோதான் இருக்கிறது. இரண்டாவது, அது எக்டர் கணக்கு. ஒரு எக்டர் என்பது இரண்டரை ஏக்கர், அதாவது நம் கணக்கில் ஏழரை மா. போன வருஷம் ஒருவர் 150-ஐ யூரியா என்றும் ஏக்கருக்கு என்றும் எடுத்துக்கொண்டு, மூன்று மூட்டைக்கு மேலே ஒரே ஏக்கரில் கொட்டினார். பயிர் கருகருவென்று நின்றது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. அப்புறம் புகையான் அடித்தது, மீதி சாய்ந்தது. காசு கொடுத்து வாங்கிய வினை.

சரி, கணக்கைப் பார்ப்போம். ஒரு ஏக்கருக்கு வேண்டிய சத்து: தழை 60 கிலோ, மணி 20, சாம்பல் 20. இதை மூட்டையாக மாற்றினால் ஏக்கருக்கு டி.ஏ.பி. 43.5 கிலோ, யூரியா இரண்டரை மூட்டை (114 கிலோ), பொட்டாஷ் 33 கிலோ. ஒரு மாவுக்கு டி.ஏ.பி. 14.5 கிலோ, யூரியா 38 கிலோ, பொட்டாஷ் 11 கிலோ. டி.ஏ.பி.யிலேயே கொஞ்சம் தழைச்சத்து இருப்பதால் அதைக் கழித்துத்தான் யூரியாவைச் சொல்லியிருக்கிறேன். 5 மா வைத்திருப்பவருக்கு டி.ஏ.பி. ஒன்றரை மூட்டை, யூரியா 4 மூட்டையும் 10 கிலோவும், பொட்டாஷ் ஒரு மூட்டையும் 5 கிலோவும் ஆகும். மண் பரிசோதனை அட்டை கையில் இருப்பவர்கள் இந்தக் கணக்கை விட்டுவிட்டு அட்டையில் உள்ளதைப் பாருங்கள். அது உங்கள் வயலுக்கென்றே எடுத்தது.

இதை நான்கு தடவையாகப் போட வேண்டும். ஒரு மாவுக்கு எவ்வளவு என்று எழுதுகிறேன். ஏக்கர் வைத்திருப்பவர்கள் மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

அடியுரம், கடைசி சேறு கலக்கி மட்டம் செய்யும்போது: டி.ஏ.பி. 14.5 கிலோ முழுவதும், யூரியா 5 கிலோ, பொட்டாஷ் இரண்டேமுக்கால் கிலோ.

தூர் கட்டும்போது, நட்டு 20 முதல் 25 நாளில்: யூரியா 11 கிலோ, பொட்டாஷ் இரண்டேமுக்கால் கிலோ.

கதிர் உருவாகும்போது: அதே 11 கிலோ யூரியா, இரண்டேமுக்கால் கிலோ பொட்டாஷ்.

கதிர் வெளிவரும்போது: மறுபடியும் அதே அளவு.

டி.ஏ.பி.யை மட்டும் பிரிக்கவே வேண்டாம். மணிச்சத்து மண்ணில் அதிகம் நகராது, வேர் பக்கத்தில் இருந்தால்தான் எடுக்கும். அதனால் அது சேற்றோடு சேர்ந்து இறங்க வேண்டும். மேலுரமாக டி.ஏ.பி. தூவுவது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. அதில் தழைச்சத்துப் பங்கு மட்டும்தான் அப்போது வேலை செய்கிறது, விலையோ பல மடங்கு. நட்டுவிட்டீர்கள், அடியில் போட மறந்துவிட்டது என்றால் களையெடுப்பு வரை காத்திருக்காமல் உடனே போட்டுவிடுங்கள்.

கடையில் டி.ஏ.பி. இல்லை என்றால் நடவைத் தள்ளிப்போட வேண்டாம். 20:20:0:13 காம்ப்ளக்ஸ் கிடைத்தால் ஏக்கருக்கு 2 மூட்டை (100 கிலோ) அடியில் போடுங்கள், அதோடு யூரியா வேண்டாம். அப்புறம் மூன்று மேலுரத்தில் ஒவ்வொன்றுக்கும் ஏக்கருக்கு 29 கிலோ யூரியா போதும். சூப்பர் பாஸ்பேட் என்றால் ஏக்கருக்கு இரண்டரை மூட்டை. அதில் தழைச்சத்து இல்லாததால் அடியிலும் 33 கிலோ யூரியா சேர்க்க வேண்டும். பொட்டாஷ் இரண்டிலும் தனியாகத்தான். கடைக்காரர் வேறு எதையாவது சேர்த்து வாங்கினால்தான் டி.ஏ.பி. தருவேன் என்றால் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. ஆதாரைக் கொண்டுபோய் மிஷினில் விரல் வைத்து, ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.

கதிர் உருவாகும் பருவம் என்று ஆபீசில் எழுதியிருப்பது கதிர் கண்ணுக்குத் தெரிகிற சமயம் இல்லை. வெளியே பார்த்தால் பயிர் அப்படியேதான் இருக்கும், உள்ளே தண்டில் கதிர் கரு கட்ட ஆரம்பித்திருக்கும். நாலைந்து இடத்தில் பெரிய தூர் ஒன்றைப் பிடுங்கி, அடித்தண்டைப் பிளேடால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். உள்ளே கணுவுக்கு மேல் ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் வெள்ளையாக, பஞ்சு மாதிரி ஒரு முனை தெரிந்தால் அதுதான் நேரம். டி.கே.எம். 13, வெள்ளைப் பொன்னி போன்ற 130, 140 நாள் ரகங்களில் நட்டு 45 நாள் வாக்கில் வரும். சி.ஆர். 1009 போட்டவர்களுக்கு அதற்கு மேல் இரண்டு மூன்று வாரம் தள்ளும். நாளை எண்ணுவதைவிடப் பிளந்து பார்ப்பதுதான் சரி. இந்த உரத்தைத் தவற விட்டால் கதிரில் மணி எண்ணிக்கை குறையும், பின்னால் எவ்வளவு போட்டாலும் அது திரும்ப வராது. நான்கு தடவையில் இதுதான் முக்கியமான தடவை என்று நான் சொல்வேன். தொண்டைக்கதிர் வந்த பிறகு நினைவு வந்து ஓடிவருகிறவர்கள்தான் நம்மில் அதிகம்.

மேலுரம் போடும் அன்று தண்ணீரை வடித்து, சேறு மேல் லேசாகத் தண்ணீர் நிற்கும்படி வையுங்கள். வாய்க்கால் மடையை அடைத்துவிட்டுத்தான் தூவ வேண்டும். பனி காய்ந்து இலை உலர்ந்த பிறகு தூவுங்கள், ஈர இலையில் யூரியா ஒட்டினால் கருகும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் பார்த்துத்தான் போட வேண்டும். மழை கருக்கட்டி நிற்கும்போது போட்ட யூரியா அடுத்த ஊர் வடிகாலுக்குத்தான் போகும். இரண்டு நாள் தள்ளிப்போட்டால் பயிருக்கு ஒன்றும் ஆகாது.

துத்தநாக சல்பேட் என்பதுதான் கடையில் ஜிங்க் சல்பேட். ஏக்கருக்கு 10 கிலோ, மாவுக்கு மூன்றேகால் கிலோ. அதை இரண்டு பங்கு காய்ந்த மணலோடு கலந்து, நடவுக்குச் சற்று முன் சேற்றின் மேலாகத் தூவுங்கள். டி.ஏ.பி.யோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் பயிர் எடுக்க முடியாதபடி இறுகிவிடும். போடாமல் விட்டவர்களுக்கு நட்டு இரண்டு மூன்று வாரத்தில் இலையில் துருப்பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளி விழும், இளம் இலையின் நடு நரம்பு அடியில் வெளுக்கும், பயிர் வளராமல் குத்துக்குத்தாக நிற்கும். அப்போது இன்னும் யூரியா போடுவது தப்பு. 10 லிட்டர் டேங்குக்கு 50 கிராம் ஜிங்க் சல்பேட், 100 கிராம் யூரியா கரைத்துத் தெளியுங்கள். 15 நாள் கழித்து இன்னொரு தடவை.

இலை வண்ண அட்டை என்பது பச்சைப் பட்டைகள் வரைந்த சின்ன பிளாஸ்டிக் அட்டை. நட்டு 14 நாளிலிருந்து வாரம் ஒரு தடவை காலையில் வயலில் இறங்கி, அங்கங்கே 10 குத்துகளில் முழுதாக விரிந்த மேல் இலையை அட்டையோடு வைத்துப் பாருங்கள். வெயில் படாமல் உங்கள் நிழலிலேயே பார்க்க வேண்டும். 10-ல் 6 இலையோ அதற்கு மேலோ 4-ம் எண் பச்சையைவிட வெளுத்திருந்தால் யூரியா தேவை. வெள்ளைப் பொன்னிக்கு 3-ம் எண். இலை அட்டையைவிடப் பச்சையாக இருந்தால் நாள் வந்துவிட்டது என்பதற்காகப் போட வேண்டாம், அடுத்த வாரம் பாருங்கள். தக்கைப்பூண்டு மடக்கி உழுதவர்களுக்கு இது ரொம்ப உதவும், அவர்கள் வயலில் யூரியா கட்டாயம் மிச்சமாகும்.

செய்தியில் இல்லாத இரண்டை நானே சேர்க்கிறேன். நடவு ஆட்கள் இறங்கும்போதே 8 அடிக்கு ஒரு அடி பட்டம் விடச் சொல்லுங்கள். காற்றும் வெளிச்சமும் உள்ளே போனால் புகையான் தங்காது, உரம் போட நடக்கவும் இடம் கிடைக்கும். இரண்டாவது, மழையில் பயிர் மூழ்கி எழுந்தால் தண்ணீரை வடித்த பிறகுதான் உரம். ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, காலையில் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துத் தூவுங்கள்.

இலை வண்ண அட்டை வேண்டும் என்பவர்களும், பயிர் வெளுத்திருக்கிறது ஆனால் காரணம் தெரியவில்லை என்பவர்களும் புதன்கிழமை காலை 10 மணிக்குக் கூட்டுறவு சங்கத்துக்கு வாருங்கள், உதவி வேளாண்மை அலுவலர் வருகிறார். வெறும் இலையைக் கிள்ளிக்கொண்டு வராமல், ஒரு குத்தை வேரும் மண்ணுமாகப் பிடுங்கி ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவாருங்கள்.