ஆர்.ஓ. கழிவுநீர்க் குழி: மெம்பரேன் வாங்கும் முன் உங்கள் அரை நாள் வேண்டும்

வணக்கம் சார்,

வருகிற மூன்று சனிக்கிழமைகளில் ஏதாவது ஒன்றில் பாலக்கோடு பக்கம் உள்ள எங்கள் ஊருக்கு வந்து ஒன்றை மட்டும் பார்த்துச் சொல்ல வேண்டும்: எங்கள் ஆர்.ஓ. கழிவுநீர் திரும்ப எங்கள் போருக்கே இறங்குகிறதா? ஆம் என்றால், 38,000 ரூபாய்க்கு மெம்பரேன் வாங்குவதை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தில் குழியை வேறு இடத்துக்கு மாற்றுவோம்.

நீங்கள் ஓசூரில் இந்த வேலைதான் பார்க்கிறீர்கள் என்று எங்கள் பால் சொசைட்டி செயலாளர் சொன்னார். பிளான்ட்டை நடத்துவது எங்கள் மகளிர் குழு. நான் கணக்குப் பார்க்கிறவள், இன்ஜினியர் இல்லை. அளந்ததை அப்படியே எழுதுகிறேன்.

போர் ஆழம் 640 அடி, கேசிங் 60 அடி வரைதான். கழிவுநீர் விடும் உறிஞ்சுகுழி அதிலிருந்து 40 அடி தூரம். நானே டேப் பிடித்து அளந்தேன். மணிக்கு 1,000 லிட்டர் ஏற்றினால் 400 நல்ல தண்ணீர், 600 கழிவு. ஆரம்பத்தில் பாதிக்குப் பாதி வந்தது. தினமும் 8 மணி நேரம் ஓடுகிறது, அதாவது 4,800 லிட்டர் அந்தக் குழியில் இறங்குகிறது.

போர் தண்ணீரில் புளோரைடு 2023 ஜூனில் லிட்டருக்கு 2.1 மில்லிகிராம், இந்த ஜூனில் 2.6. டி.டி.எஸ். 980-லிருந்து 1,240. இரண்டு முறையும் ஒரே லேப். புளோரைடு நல்ல தண்ணீரில் 0.3, கழிவில் 4.1. குழாயில் வருவது அனுமதி வரம்பான 1.5-க்குள்தான், அதனால் குடிப்பவர்களுக்கு இன்றைக்கு ஆபத்தில்லை. ஆனால் போரில் ஏறிக்கொண்டே போனால்? பல்லில் காவி ஏறிய பிள்ளைகள் நம் மாவட்டத்தில் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியாததில்லை.

பிட்டர் மெம்பரேன் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். நல்ல தண்ணீர் குறைந்ததற்கு அது சரியாக இருக்கலாம். போரிலேயே உப்பு ஏறியதற்கு மெம்பரேன் எப்படிக் காரணமாகும் என்றுதான் புரியவில்லை. மழை குறைந்ததும் காரணமாக இருக்கலாம். அதைப் பிரித்துச் சொல்லத்தான் உங்களைக் கேட்கிறோம். குழியை ஒரு வாரம் அடைத்துவிட்டுத் தினமும் டி.டி.எஸ். பார்த்தால் தெரியுமா, அதற்கு ஒரு வாரம் போதுமா என்பதையும் சொன்னால் நீங்கள் வருவதற்குள் செய்து வைக்கிறோம்.

லேப் ரிப்போர்ட் நான்கும், போர், குழி இரண்டும் தெரிகிற ஒரு போட்டோவும் இத்துடன் இருக்கின்றன. இந்த மெயிலுக்கே தேதி மட்டும் எழுதினால் போதும். வர முடியாது என்றாலும் ஒரு வரி போடுங்கள், கொட்டேஷன் மாத முடிவு வரைதான் செல்லும். ரயிலில் வந்தால் பாலக்கோடு ஸ்டேஷனில் எங்கள் வண்டி காத்திருக்கும், பயணச் செலவு குழுவினுடையது. மதியம் களியும் கீரைக் குழம்பும்.

நன்றி சார்.

பொருளாளர், மகளிர் குழு