விளம்பரத்துக்குக் காசு போடுமுன்

தலைவர் அவர்களுக்கும், கடையைப் பொடியனிடம் விட்டுவிட்டு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பேஸ்புக்கில் ஒரு படம் போட்டதும், காசு கட்டி அதை விளம்பரமாக்கும் 'பூஸ்ட்' பட்டன் கண்ணில் படும். அதை உடனே அமுக்காதீர்கள். முதலில் என்ன வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். லைக் விழுந்தால் மனசுக்குச் சந்தோஷம், கல்லாவுக்கு ஒன்றுமில்லை. நமக்கு வேண்டியது வாட்ஸ்அப்பில் விலை கேட்கும் ஆள். விளம்பரத்தின் நோக்கத்தில் 'மெசேஜ்' என்பதைத் தெரிவு செய்யுங்கள்.

அடுத்தது இடம். இதில்தான் அதிகக் காசு கரையும். கீசர் வீதியில் சாரித் துணி சில்லறைக்கு விற்பவர் முழு இலங்கைக்கும் காட்டினால், கடைப்பக்கம் வரவே வாய்ப்பில்லாதவர்களுக்கும் சேர்த்துக் கட்டுகிறார். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளை போதும். மொத்த வியாபாரம் என்றால் கதை வேறு. மட்டக்களப்பு, வவுனியாக் கடைக்காரரும் வேண்டும்.

நாளுக்கு 500 ரூபா வைத்து ஒரு வாரம் ஓட்டுங்கள். முடிவுத் திகதி கட்டாயம் போடுங்கள். போடாவிட்டால் கார்ட்டில் கழிந்துகொண்டே இருக்கும். ஒரே சரக்குக்குத் தமிழில் ஒரு விளம்பரம், சிங்களத்தில் ஒன்று. படம் கடையில் எடுத்ததாக, விலையோடு இருக்கட்டும். 'விலைக்கு இன்பொக்ஸ்' என்று போட்டால் பாதிப் பேர் தாண்டிப் போய்விடுவார்கள்.

அப்புறம் ஒரு கொப்பி. யார் கேட்டார்கள், யார் வாங்கினார்கள் என்று எழுதுங்கள். 3,500 ரூபா செலவில் எத்தனை பில் விழுந்தது என்று அதில் தெரியும். மெசேஜுக்குப் பதில் சொல்ல ஆளில்லாத நாளில் விளம்பரத்தை நிறுத்திவையுங்கள்.

சரி, போனை எடுங்கள். முன்வரிசையில் இருந்து ஒவ்வொருவராக செட்டிங்ஸ் பார்ப்போம்.