மீனாவுக்கு, பரீட்சைக்கு முன்னாடி

மீனா,

ராத்திரி ஒன்றரை மணிக்கு நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் காலையில் மெஸ்ஸில் உட்கார்ந்து கேட்டேன். பாதிக்கு மேல் அழுகைதான், மீதியில் "பயமா இருக்குடி, பயமா இருக்குடி" என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. போன் பண்ணினால் திரும்ப அழுவாய், நானும் சேர்ந்து அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

முதலில் ஒன்று. உனக்கு இருப்பது ஒரே பயம் இல்லை. நாலைந்து விஷயம் மொத்தமாகச் சேர்ந்து வந்ததால் மலை மாதிரி தெரிகிறது. தனித்தனியாகப் பிரித்தால் பாதி காணாமல் போகும், மீதியில் பாதிக்கு உன் பையிலேயே மருந்து இருக்கிறது.

கை நடுங்குகிறது, நெஞ்சு திக்திக் என்கிறது, சோற்றைப் பார்த்தாலே குமட்டுகிறது என்றாயே, அது வெறும் படபடப்பு. உடம்பு செய்கிற வேலை. உனக்குப் பாடம் தெரியுமா தெரியாதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. போன வருஷம் எங்கள் ஹாலில் ஸ்கூல் ஃபர்ஸ்ட் வாங்குகிறவளுக்கே உள்ளங்கை வேர்த்து முகப்புத்தாளில் ஈரம் பட்டுவிட்டது, கர்சீப்பை விரித்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டாள். நீயும் ஒரு கர்சீப் கொண்டுபோ. பத்து மணிக்குக் கேள்வித்தாள் கொடுத்தால் எழுத ஆரம்பிப்பது 10:15-க்குத்தான் என்பது உனக்கே தெரியும். படிக்கப் பத்து நிமிஷம், விவரம் சரிபார்க்க ஐந்து நிமிஷம். எல்லோருக்கும் உதறல் எடுப்பது அந்தக் கால் மணி நேரத்தில்தான். அப்போது ஐந்து மார்க் பக்கத்தைப் புரட்டாதே. ஒரு மார்க் கேள்விகளை மட்டும் பார்த்துக்கொண்டு, மூச்சை இழுப்பதைவிட விடுவதை மெதுவாக விடு. இரண்டு மூன்று விடை தெரிந்தவுடனே கை தானாக அடங்கும்.

அடுத்தது அலை ஒளியியல். "அதை நினைத்தாலே வயிற்றில் புளியைக் கரைக்குது" என்றாய். இது பயம் இல்லை மீனா, உறுத்தல். சரியாகப் படிக்கவில்லை என்று உன் மனசே சொல்கிறது, அது சொல்வது உண்மையும்கூட, அதனால் அதைச் சமாதானப்படுத்தாதே, உட்கார்ந்து படி. முழுப் பாடமும் வேண்டாம். ஹைகென்ஸ் தத்துவம், யங் இரட்டைப்பிளவு சோதனையில் பட்டை அகலம், மாலஸ் விதி, புரூஸ்டர் விதி, புத்தகத்தின் பின்னால் இருக்கிற ஒரு மார்க், அவ்வளவுதான். பட்டை அகலத்துக்கு β = λD/d என்று கடைசி வரி வருகிற வரைக்கும் படத்தோடு இரண்டு தடவை எழுதிப் பார். நடுவில் ஒரு படி மறந்தாலும் தெரிந்த படிகளை எழுது, திருத்துகிறவர்கள் படிக்குப் படி மார்க் போடுவார்கள். மற்ற பத்துப் பாடத்தை நீ எனக்கே சொல்லிக் கொடுத்தவள், அதை மறந்துவிடாதே.

கணக்கையும் பார்த்துவிடலாம், நீ எண்ணைப் பார்த்தால்தான் அடங்குவாய். இயற்பியல் எழுத்துத் தேர்வு 70-க்கு. ஒரு மார்க் 15, அது எழுதியே ஆக வேண்டும். இரண்டு மார்க்கில் ஒன்பதுக்கு ஆறு, மூன்று மார்க்கில் ஒன்பதுக்கு ஆறு, ஐந்து மார்க் ஐந்துமே இது அல்லது அது. ஒரு பாடம் சுமாராக இருந்தால்கூட ஒதுங்கிப்போக இவ்வளவு இடம் வைத்திருக்கிறார்கள். ஒதுங்க முடியாதது 24-ஆம் கேள்வியும் 33-ஆம் கேள்வியும் மட்டும்தான், அவை கட்டாயம். செய்முறையும் அகமதிப்பீடும் சேர்த்து 30 ஏற்கெனவே முடிந்த கதை, அதில் நீ குறை வைத்திருக்க மாட்டாய். கட்-ஆஃபுக்குக் கணிதம் அப்படியே நூறுக்கு எடுத்துக்கொள்வார்கள், இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாகத்தான் சேரும், மொத்தம் 200. அப்படியென்றால் இயற்பியலில் நாலு மார்க் போனால் கட்-ஆஃபில் போவது இரண்டு. வலிக்கும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ராத்திரி ஒன்றரை மணிக்குத் தூக்கத்தைத் தொலைக்கிற அளவுக்கு இல்லை. உண்மையில் கவனம் வைக்க வேண்டியது கணிதத்தில். அதில் உனக்குக் கலக்கமே இல்லை என்பதுதான் வேடிக்கை!

இப்போது நீ மெசேஜில் சொல்லாமல் விட்டதற்கு வருகிறேன். அப்பா.

ஒன்பதாவதில் மஞ்சள் காமாலை வந்து உனக்கு ஒரு வருஷம் போனதிலிருந்து உனக்குள் ஒரு அச்சம் உட்கார்ந்திருக்கிறது. இந்தத் தடவையும் ஏதாவது ஆகிவிடும், சொந்தக்காரர்கள் மறுபடி கேட்பார்கள், மாமா முகம் வாடிவிடும் என்று. இன்னும் நடக்காத ஒன்றை நினைத்துத் தவிக்கிறாய், அதற்கு ஃபார்முலா கிடையாது. திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி என்று மாமா டீக்கடையில் சொல்லிக்கொண்டிருப்பதாக அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொன்னாயே, அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை, அப்போதே கேட்டிருக்கலாம். சரி, இப்போது கேட்கிறேன். அவரிடம் நேராகப் பேசினாயா? பேசியிருக்க மாட்டாய். நாளைக்கு அவர் லோடு இறக்கிவிட்டு வந்ததும், சாப்பிடும்போது, "அப்பா, எனக்குக் கொஞ்சம் பதற்றமா இருக்கு" என்று அந்த ஒரு வரியை மட்டும் சொல். கட்-ஆஃப் பற்றியெல்லாம் பேச வேண்டாம். நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சாப்பாட்டு நேரமெல்லாம் கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனுஷன், உன்னைத் திட்டவா போகிறார்? என் கணிப்பு, அவருக்கும் உள்ளுக்குள் அதே கிலிதான், உன்னிடம் காட்டாமல் டீக்கடையில் பெருமையாகப் பேசித் தேற்றிக்கொள்கிறார்.

அப்புறம், அந்த வகுப்பு குரூப்பை மியூட் பண்ணு. "இந்தக் கேள்வி கன்ஃபார்ம்டி" என்று ஒருத்தி போட்டால் நாற்பது பேருக்குப் பீதி. வருஷா வருஷம் வரும் வதந்தி அது. முந்தின நாள் யாரோ அனுப்புகிற பி.டி.எஃப்-ஐத் திறக்கவே திறக்காதே.

தூக்கம் வராவிட்டாலும் பத்தரைக்கு விளக்கை அணைத்துப் படு. மனசு இருப்புக்கொள்ளாமல் எதையாவது துருவிக்கொண்டே இருந்தால் தலைமாட்டில் ஒரு துண்டுச் சீட்டு வைத்து, வருவதை எழுதிப் போட்டுவிட்டுக் கண்ணை மூடு, காலையில் பார்த்துக்கொள்ளலாம். முதல் நாள் தமிழ், அதற்கு நீ புலம்பினால் எனக்குக் கோபம் வரும். காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிடு. வெறும் வயிற்றோடு போனால் படபடப்பு இரண்டு மடங்காகும். ஹால் டிக்கெட், நீலப் பேனா இரண்டு, ஸ்கேல், பென்சில், எல்லாம் ராத்திரியே பையில் போய்விட வேண்டும்.

ஒரு பரீட்சை முடிந்ததும் விடையை யாரிடமும் ஒப்பிட்டுப் பார்க்காதே, என்னிடமும் கேட்காதே. கேட்டாலும் சொல்ல மாட்டேன். 1:15-க்கு வெளியே வந்து, பஸ் ஏறி, வீட்டில் சாப்பிட்டு முடித்துவிட்டுக் கூப்பிடு. நான் லேப் இருந்தாலும் எடுப்பேன். நாளைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு நானே பண்ணுகிறேன், மாமாவிடம் சொன்னாயா என்று மட்டும் கேட்பேன், அதற்கப்புறம் போனை அத்தையிடம் கொடுத்துவிட்டுப் படுத்துவிடு.

உன்
கயல்